முதலீட்டுப் பணத்தில் எந்தப் பங்கு எந்த மைல்கல்லுக்கு? நிதிப் பயன்பாட்டு அட்டவணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எங்கள் பிட்ச் டெக்கில் 40% தொழில்நுட்பம், 30% மார்க்கெட்டிங், 20% ஆட்கள், 10% இதர செலவு என்று வட்டம் போட்டிருக்கிறோம். அது போதாதா?"

போதாது. பணம் எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த வட்டம் சொல்கிறது. போய் முடிந்த பிறகு கம்பெனி எங்கே நிற்கும் என்பதை அது சொல்வதில்லை. முதலீட்டாளர் காசு கொடுப்பது அந்த இரண்டாவது விஷயத்துக்குத்தான்.

என் முதல் கம்பெனிக்குப் பணம் திரட்டப் போனபோது நானும் இப்படி ஒரு வட்டத்தைத்தான் எடுத்துப் போனேன். எதிரில் இருந்தவர் அச்சிட்ட தாளில் 'மார்க்கெட்டிங் 45 லட்சம்' என்ற வரியைப் பேனாவால் அடித்தார். "இந்தப் பணம் இல்லையென்றால் உங்களுக்கு எது நின்று போகும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விளம்பரம் குறையும் என்றேன். "குறைந்தால்?" என்றார். அதற்கு மேல் நான் யோசித்திருக்கவில்லை. பணம் வரவில்லை. அதில் அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது, கேள்வி சரியான கேள்வி. இன்று யார் அட்டவணையைக் கொண்டுவந்தாலும் ஒவ்வொரு வரியிலும் அதே கேள்வியைத்தான் நான் முதலில் கேட்கிறேன். ஒரு வரியை அடித்தால் எந்த மைல்கல் விழும் என்று சொல்ல முடியவில்லை என்றால், அந்த வரி இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

"ஆப் வெளியிடுவது, பத்துப் பேரை வேலைக்கு எடுப்பது, இதெல்லாம் மைல்கல் இல்லையா?"

இல்லை, அவை வேலைகள். ஆப்பை வெளியிட்டும் யாரும் பயன்படுத்தாமல் போகலாம், பத்துப் பேரை எடுத்தும் கம்பெனி அதே இடத்தில் நிற்கலாம். அடுத்த சுற்றில் பணம் போடப்போகிறவரின் மனதில் இருக்கும் ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதுதான் மைல்கல். ஆகவே சந்தேகங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மைல்கற்கள் அதிலிருந்து தானாக வரும்.

ஒரு கம்பெனியை வைத்துப் பேசினால் எளிது. இது விளக்கத்துக்காக நான் அமைத்த கம்பெனி, எண்களும் நான் போட்டவையே. திருப்பூரில் பின்னல் துணி தயாரிக்கும் வட்ட நிட்டிங் இயந்திரங்களில் கேமரா பொருத்துகிறார்கள். துணியில் ஓட்டை, ஊசிக்கோடு, லைக்ரா அறுந்த தடம் ஏதாவது தெரிந்தால் சாதனம் இயந்திரத்தை உடனே நிறுத்திவிடும். இல்லையென்றால் ஒரு ஊசி உடைந்தது தெரியாமலே ரோல் ரோலாகத் துணி இறங்கிவிடும். சாயம் போட்ட பிறகுதான் நிறையக் கோடுகள் கண்ணில் படும். அதற்குள் நூல் காசும் சாயக் காசும் போயிருக்கும்.

இப்போது 3 நிட்டிங் கம்பெனிகளில் 9 இயந்திரங்களில் சாதனம் ஓடுகிறது. ஒரு சாதனம் செய்ய 38,000 ரூபாய் ஆகிறது. சாதனத்தை விற்பதில்லை, மாதம் 3,500 ரூபாய் வாடகைக்கு விடுகிறார்கள்.

இதைக் கேட்கும் முதலீட்டாளருக்கு மூன்று சந்தேகங்கள் வரும். எல்லா வகைத் துணியிலும் இது சரியாக வேலை செய்யுமா? நிறுவனர்கள் நேரில் போகாமல் இதை விற்கவும் பராமரிக்கவும் முடியுமா? 38,000 போட்டு 3,500 வாங்கும் இந்தக் கணக்கு பெரிதாக்கினாலும் தாங்குமா? மூன்றுக்கும் ஒவ்வொரு மைல்கல்.

"மைல்கல்லை எவ்வளவு துல்லியமாக எழுத வேண்டும்? 'தயாரிப்பை மேம்படுத்துவோம்' என்றால் புரியாதா?"

வெளியாள் ஒருவர் வந்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய அளவுக்கு எழுத வேண்டும். அதற்கு ஒரு எண், ஒரு தேதி, பார்க்க வேண்டிய இடம் ஆகிய மூன்றும் வேண்டும்.

நம் கம்பெனியின் முதல் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். இந்தச் சாதனத்தின் பெரிய எதிரி பொய் நிறுத்தம், அதாவது துணியில் குறை எதுவும் இல்லாமலே இயந்திரத்தை நிறுத்திவிடுவது. பஞ்சு பறந்து லென்ஸில் படியும். கோடு போட்ட துணியின் நிறம் மாறும் இடத்தைக் கேமரா குறை என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரியும், ஆபரேட்டர் நடந்து வந்து துணியைத் தடவிப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது, மறுபடி ஓட்டுவார். ஷிப்ட் முடிவில் உற்பத்தி குறைந்தால் கேள்வி அவருக்குத்தான். நாலு நாள் பொறுப்பார், ஐந்தாம் நாள் கேமராவின் மேல் ஒரு துண்டுத் துணியைப் போட்டு மூடிவிடுவார். முதலாளி வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார், சாதனம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்து 'எடுத்துட்டுப் போயிருங்க' என்று போன் வரும்.

அதனால் 'தயாரிப்பை மேம்படுத்துவோம்' என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "5-ஆம் மாத முடிவுக்குள், கோடு போட்ட துணியும் லைக்ரா துணியும் ஓடும் இயந்திரங்கள் உட்பட 20 இயந்திரங்களில், தொடர்ந்து 30 நாள், ஒரு ஷிப்டுக்குப் பொய் நிறுத்தம் ஒன்றுக்கு மேல் இல்லை. இப்போது ஆறு. சாதனத்தின் பதிவேட்டில் பார்க்கலாம்." இப்போதைய அளவு ஆறு என்பதையும் எழுதியாக வேண்டும். தொடங்கும் இடம் தெரியாமல் போய்ச் சேரும் இடத்துக்கு மதிப்பில்லை.

"முதலில் தொகையை முடிவு செய்வதா, மைல்கல்லை முடிவு செய்வதா?"

மைல்கல்லைத்தான். பலர் 'ஒன்றரைக் கோடி கேட்போம்' என்று முடிவு செய்துவிட்டு, அதைப் பங்கு பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயர் கண்டுபிடிக்கிறார்கள். அப்படிச் செய்த அட்டவணையில் எண்கள் எல்லாம் 10, 20, 30 என்று முழுசாக இருக்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

முதல் மைல்கல்லுக்கு என்னென்ன வேண்டும் என்று கீழிருந்து கூட்டிப் பார்ப்போம். இயந்திரங்கள் 9-இலிருந்து 20 ஆக வேண்டும், அதாவது 11 சாதனம் × 38,000, சுமார் 4.2 லட்சம். படத்தைப் படித்துக் குறை கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு இரண்டு பொறியாளர்கள், ஒருவருக்குக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு மாதம் 90,000, ஐந்து மாதத்துக்கு 9 லட்சம். வேறு வேறு கேமரா, லென்ஸ், விளக்கு வாங்கிச் சோதிக்க 3 லட்சம். நிட்டிங் ஷெட்டுகளுக்குப் போய்வர ஒரு டெக்னீசியன், மாதம் 28,000, ஆக 1.4 லட்சம். இரண்டு நிறுவனர்களின் சம்பளம் மாதம் ஒரு லட்சம், அலுவலக வாடகை, சர்வர், ஆடிட்டர் சேர்த்து மாதம் 60,000, ஆக 8 லட்சம். கூட்டினால் சுமார் 26 லட்சம்.

அலுவலகச் செலவைத் தனி வரியாக விடாமல் மைல்கல்லுக்குள்ளேயே சேர்த்திருப்பதைப் பாருங்கள். அந்த ஐந்து மாதம் கம்பெனி உயிரோடு இருக்க ஆகும் செலவும் அந்த மைல்கல்லின் விலையில் ஒரு பகுதிதான். மைல்கல் இரண்டு மாதம் தள்ளிப்போனால் அதன் விலை தானாக ஏறும் என்பதும் இப்படி எழுதினால்தான் தெரியும்.

"அப்படியே முழு அட்டவணையையும் காட்ட முடியுமா?"

இதே முறையில் மற்ற மைல்கற்களையும் கூட்டினால் இப்படி வரும்.

| மாதம் | மைல்கல் | எங்கே பார்க்கலாம் | தொகை (லட்சம்) |
|---|---|---|---|
| 1–5 | 20 இயந்திரங்களில் 30 நாள், ஷிப்டுக்கு ஒரு பொய் நிறுத்தத்துக்கு மேல் இல்லை | சாதனப் பதிவேடு | 26 |
| 6–10 | 100 இயந்திரங்கள் வாடகையில்; குறைந்தது 12 கம்பெனிகள்; பாதிக்கு மேல் நிறுவனர் போகாமல் விற்றவை | பில்கள், வங்கி வரவு | 54 |
| 11–15 | 200 இயந்திரங்கள். சாதனச் செலவு 38,000-இலிருந்து 30,000 | கொள்முதல் பில்கள் | 61 |
| 16–18 | புதிய சாதனம் இல்லை. அடுத்த சுற்றை முடிக்கும் காலம் | – | 15 |
| | ஜி.எஸ்.டி.யில் முடங்கும் பணம் | வரிக் கணக்கு | 6 |
| | எதிர்பாராதது | – | 7 |
| | கழிக்க: வசூலாகும் வாடகை | வங்கி வரவு | −19 |
| | கேட்கும் தொகை | | 150 |

இரண்டாவது வரியின் 54 லட்சத்தில் 30 லட்சத்துக்கு மேல் சாதனங்களே. அதாவது 80 × 38,000. மீதி ஆட்களும் அலுவலகமும். இங்கேதான் முதல் விற்பனை ஆள் வருகிறார், மாதம் 50,000-க்கு. அவரை முதல் மாதமே எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. பொய் நிறுத்தம் குறையாத சாதனத்தை நல்ல விற்பனையாளர் கையில் கொடுத்தால், அவர் அதை நிறையப் பேரிடம் விற்றுவிடுவார். அத்தனை பேரும் கேமராவைத் துணி போட்டு மூடுவார்கள். ஊர் சிறிது, ஒரு ஷெட்டில் நடந்தது அடுத்த ஷெட்டுக்கு அன்று மாலையே போய்விடும்.

மூன்றாவது வரியில் சாதனத்தின் வெளிக்கூட்டுக்கு அச்சு செய்யவும் சர்க்யூட் போர்டை மாற்றி வடிவமைக்கவும் 6 லட்சம் இருக்கிறது. கூடவே, லென்ஸில் படியும் பஞ்சைக் காற்றடித்துத் தானே தள்ளிவிடும் ஒரு சின்ன முனையும் சேரும். ஷெட்டில் கம்ப்ரசர் காற்று ஏற்கெனவே இருக்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதனால் செலவு 30,000-க்கு இறங்கினால் போட்ட காசு 11 மாதத்துக்குப் பதில் ஒன்பது மாதத்துக்குள் திரும்பும். லென்ஸ் துடைக்கப் போகும் அலைச்சலும் குறையும் என்பதால் இயந்திரங்கள் இரண்டு மடங்கானாலும் டெக்னீசியன் மூன்றிலிருந்து நான்கு ஆனால் போதும். மூன்றாவது சந்தேகத்துக்கு இந்த வரிதான் பதில்.

"கடைசி மூன்று மாதத்துக்கு மைல்கல்லே இல்லையே, அதற்கு ஏன் 15 லட்சம்?"

அடுத்த சுற்றுக்குப் பணம் திரட்டப் பல மாதம் பிடிக்கும். பேச்சு தொடங்கி, கணக்கு சரிபார்த்து, ஒப்பந்தம் எழுதி, வங்கியில் பணம் விழும் வரை ஆறு மாதம் ஆவது சாதாரணம். 100 இயந்திரம் என்ற சான்று 10-ஆம் மாதம் கையில் வருகிறது, 11 அல்லது 12-ஆம் மாதம் பேச்சைத் தொடங்க வேண்டும். 15-ஆம் மாதமே பணம் தீரும்படி அட்டவணை போட்டவர், கையில் நல்ல சான்று இருந்தும், சம்பளம் கொடுக்க வழியில்லாத நிலையில் பேரம் பேசுவார். எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

"வாடகை வருமானம் வருமே, அதை முழுசாகக் கழித்துக் குறைவாகக் கேட்கலாமே?"

பில் போடுவது வேறு, பணம் வருவது வேறு. இந்தக் கணக்கில் முதல் 15 மாதத்துக்குப் போடும் வாடகை பில் சுமார் 38.5 லட்சம். தொழிலில் 60, 90 நாள் கடன் சாதாரணம் என்பதால், கடைசி மூன்று மாத பில் எதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கு முந்தியதிலும் பாதியைத்தான் எடுத்தேன், அதுதான் 19 லட்சம். இயந்திரங்கள் திட்டமிட்டதை விட மெதுவாகப் போனாலும் அட்டவணை உடையக் கூடாது.

ஜி.எஸ்.டி. வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 38,000 என்பது வரிக்கு முந்தைய விலை. பாகங்களுக்கு 18% வரியை இன்றே கட்டிவிடுகிறோம். வாடகை பில்லில் வசூலிக்கும் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் வாடகை மாதம் 3,500 ஆகச் சிறுகச் சிறுகத்தானே வருகிறது? நடுவில் உச்சத்தில் சுமார் 6 லட்சம் வரிக் கணக்கில் முடங்கி நிற்கும். அது நஷ்டம் இல்லை, திரும்ப வரும். ஆனால் சம்பள நாளில் கையில் இருக்காது. சாதனத்தை விற்காமல் வாடகைக்கு விடும் எந்தக் கம்பெனியின் அட்டவணையிலும் இதற்கு ஓர் இடம் தேவை.

"நிறுவனர் சம்பளத்தைக் காட்டினால் முதலீட்டாளர் முகம் சுளிப்பாரா? பழைய கடனை இந்தப் பணத்தில் அடைக்கலாமா?"

சம்பளத்தை மறைக்காமல் காட்டுங்கள். வீட்டு வாடகைக்கு வழியில்லாத நிறுவனர் ஆறாம் மாதம் வெளியே வேலை தேடுவார் என்பது அவர்களுக்கும் தெரியும். பழைய கடன் வேறு விஷயம். அடுத்த சந்தேகம் எதையும் அது தீர்ப்பதில்லை என்பதால் எந்த மைல்கல்லுக்குள்ளும் அதை நுழைக்க முடியாது. இருந்தால் தனி வரியாக, பெயர் சொல்லி, முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கணக்கு சரிபார்க்கும்போது அவர்களாகக் கண்டுபிடித்தால் மற்ற வரிகள் மேலும் நம்பிக்கை போய்விடும்.

"மைல்கல்லை எழுதிக் கொடுத்தால் அதற்குத் தகுந்தபடி தவணையாகத்தான் பணம் தருவோம் என்பார்களே?"

சிலர் கேட்பார்கள். அரசுத் திட்டங்களில் அதுதான் நடைமுறை. 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில், மாதிரி செய்யவும் சோதிக்கவும் 20 லட்சம் வரையான மானியம் மைல்கல் தவணைகளாகத்தான் தரப்பட்டது. வசதிகள் உருவாக்க அந்தப் பணத்தைத் தொடவும் கூடாது என்பது அதன் விதி.

தனியார் முதலீட்டாளர் தவணை கேட்டால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மைல்கல் உங்கள் கையில் இருக்கிறதா என்பது ஒன்று. பொய் நிறுத்தத்தைக் குறைப்பது உங்கள் வேலை, அதை ஒப்புக்கொள்ளலாம். 12 கம்பெனிகள் கையெழுத்துப் போடுவது பருத்தி நூல் விலை ஏறிய மாதத்தில் உங்கள் கையில் இல்லை. இரண்டாவது, அடுத்த மைல்கல்லை எட்டும் வரையான காசு முந்தைய தவணையிலேயே இருக்கிறதா என்பது. முதல் தவணை சரியாக 26 லட்சம் என்று வைத்தால் 5-ஆம் மாதக் கடைசியில் கணக்கு பூஜ்யம். 30 நாள் சோதனையில் 22-ஆம் நாள் ஒரு லென்ஸ் கெட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து ஓட்ட வேண்டும், அந்த மாதம் சம்பளத்துக்குப் பணம் இருக்காது. நான் முதல் தவணையில் குறைந்தது மூன்று மாதச் செலவைக் கூடுதலாக வைக்கச் சொல்வேன். இந்தக் கம்பெனிக்கு அது சுமார் 13 லட்சம், ஆக முதல் தவணை 39 லட்சத்துக்குக் குறையக் கூடாது.

"பணம் வங்கிக்கு வந்துவிட்டால் அன்றிலிருந்து முதல் மாதம் தொடங்கிவிடுமா?"

தொடங்காது. தனியார் ஒதுக்கீட்டில் பங்கு கொடுத்து வாங்கும் பணத்தைக் கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 42-இன்படி தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். பங்குகளை ஒதுக்கி, ஒதுக்கீட்டு அறிக்கையான பி.ஏ.எஸ்-3 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் வரை அதிலிருந்து செலவு செய்யக் கூடாது. ஒதுக்கீட்டுக்குப் பணம் வந்த நாளிலிருந்து 60 நாள், தாக்கலுக்கு அதன்பின் 15 நாள் என்பது சட்டம் தரும் கெடு. அதனால் அட்டவணையில் 'ஏப்ரல்', 'மே' என்று பெயர் போடாதீர்கள். 1-ஆம் மாதம் என்பது பணத்தைச் செலவழிக்க முடிகிற நாளிலிருந்து என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

"ஒன்றரைக் கோடி கேட்டோம், 80 லட்சம்தான் தருகிறார்கள். எல்லா வரியையும் பாதியாக்கிவிடலாமா?"

அப்படிப் பாதியாக்க முடியாது. பாதிப் பொறியாளர் என்று ஒருவர் இல்லை. முதல் மைல்கல்லின் 26 லட்சத்தில் தொட ஒன்றும் இல்லை, அது அப்படியே நிற்கும். மீதி 54 லட்சத்தில், அடுத்த சுற்றுக்கான மாதங்களையும் சேர்த்துப் பாருங்கள். பொறியாளர், இரண்டு டெக்னீசியன், விற்பனையாளர், அலுவலகம் என்று ஐந்து மாதத்துக்குச் சுமார் 22 லட்சம். அதன்பின் பணம் திரட்டும் ஐந்து மாதத்துக்கு இன்னொரு 22. ஆக 44 போய், சாதனங்களுக்கு மிஞ்சுவது 10 லட்சம். சின்ன அளவில் வரும் வாடகை எதிர்பாராத செலவுக்கும் ஜி.எஸ்.டி.க்கும் சரியாகிவிடும். 10 லட்சத்தில் 26 சாதனம் செய்யலாம், மொத்தம் 46 இயந்திரங்கள்.

பணம் பாதிக்குச் சற்று மேல் கிடைத்திருக்கிறது, இயந்திரங்களோ 200-க்குப் பதில் 46. ஆட்செலவு சுருங்காமல் சாதனம் மட்டும் சுருங்குவதால் இப்படி ஆகிறது. அப்போது 46 இயந்திரங்களைக் காட்டி அடுத்த சுற்றில் யாராவது பணம் போடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். போடுவார்கள் என்று தோன்றினால் இரண்டாம் மைல்கல்லை '46 இயந்திரம், 6 கம்பெனி' என்று மாற்றி எழுதி, மூன்றாவதை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டு, அந்தத் தாளை அவர்களிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போட மாட்டார்கள் என்று தோன்றினால், சாதனங்களை வாடகைக்கு விடாமல் முன்பணம் வாங்கி விற்க முடியுமா என்று அந்த 3 கம்பெனி முதலாளிகளிடம் போய்க் கேளுங்கள். பொய் நிறுத்தம் ஒன்றுக்கு இறங்கிய பிறகு கேட்டால் அவர்கள் பதில் வேறாக இருக்கும்.